தலைக்கு மேலே ஆறு மைல்

விமானம் சென்னை விமான நிலையத்தின் வானொலி நிலையத்துக்கு நேர் மேலே பறக்கிறது. உயரம் 36,000 அடி. விமானியின் முன்னால் இருக்கும் தூரங்காட்டி, அந்த நிலையம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கருவி. நிலையம் சரியாகக் காலடியில் இருக்கும் இந்த நொடியில் அது என்ன காட்ட வேண்டும்? பூஜ்யம் என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் கருவி 5.9 கடல் மைல் என்று காட்டுகிறது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அது அளப்பது தரையில் உள்ள தூரத்தை அல்ல, விமானத்திலிருந்து நிலையம் வரை காற்றில் நேராக இழுத்த கோட்டின் நீளத்தை. அந்தக் கோட்டின் நீளத்துக்குச் சாய்தூரம் என்று பெயர். நேர் மேலே இருக்கும்போது அந்தக் கோடு செங்குத்தாக நிற்கிறது, அதனால் அதன் நீளமே விமானத்தின் உயரம். 36,000 அடியைக் கடல் மைலுக்கு மாற்றினால் 5.9 வருகிறது. கடல் மைல் ஒன்றுக்கு 1,852 மீட்டர், அதாவது ஏறக்குறைய 6,076 அடி.

விமானப் போக்குவரத்தில் இந்தக் கருவியை டி.எம்.இ. என்ற மூன்றெழுத்தால் அழைக்கிறார்கள். அது தூரத்தை அளக்கும் முறையைப் பார்த்துவிட்டால், ஏன் சாய்தூரத்தைத் தவிர வேறொன்றையும் அதனால் அளக்க முடியாது என்பது விளங்கிவிடும்.

விமானத்திலிருந்து இரண்டு துடிப்புகளாக ஒரு வானொலி அழைப்பு கிளம்புகிறது. தரை நிலையம் அதைக் கேட்டு, சரியாக 50 மைக்ரோ விநாடி காத்திருந்து, வேறு அலைவரிசையில் அதேபோல இரட்டைத் துடிப்பாகப் பதில் அனுப்புகிறது. மைக்ரோ விநாடி என்பது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அழைப்புக்கும் பதிலுக்கும் இடையே கழிந்த நேரத்தை விமானக் கருவி அளந்து, அதிலிருந்து அந்த 50 மைக்ரோ விநாடியைக் கழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வானொலி அலை போய்வந்த நேரம். ஒரு கடல் மைல் போய்த் திரும்ப அலைக்கு 12.36 மைக்ரோ விநாடி ஆகும். ஆகவே மிச்ச நேரத்தை 12.36 ஆல் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். அந்தக் காத்திருப்பைக் கழிக்க மறந்தால், காட்டும் தூரத்தில் நான்கு கடல் மைல் கூடிவிடும்.

ஒரே நிலையத்திடம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நூறு விமானங்கள் கேள்வி கேட்கலாம். எல்லோருக்குமான பதில்களும் ஒரே அலைவரிசையில்தான் வருகின்றன. அவற்றில் தன் பதில் எது என்று விமானம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு விமானமும் தன் அழைப்புகளைச் சீரான இடைவெளியில் அனுப்பாமல், வேண்டுமென்றே இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்புகிறது. தன் அழைப்புக்குப் பின் ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில் வந்து சேரும் பதில் தனக்கானது, முன்பின்னாக வருபவை மற்றவர்களுக்கானவை. இந்தத் தந்திரம் மிக அழகானது. ஆனால் நம் கணக்குக்கு வேண்டியது ஒன்றுதான்: அலை போனது நேர்கோட்டில். தரை எங்கே, உயரம் எவ்வளவு என்பதெல்லாம் அலைக்குத் தெரியாது. நேரத்தை அளக்கும் கருவிக்கும் தெரியாது.

விமானிக்கு வேண்டியதோ பெரும்பாலும் தரைத்தூரம். வரைபடத்தில் நிலையம் ஒரு புள்ளி, விமானம் ஒரு புள்ளி. அந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை மைல் என்றுதான் அவர் பார்க்கிறார். கருவி தருவதற்கும் விமானி கேட்பதற்கும் நடுவே ஒரு செங்கோண முக்கோணம் நிற்கிறது.

சுவரில் ஏணி சாத்தியிருப்பதை நினைத்துக்கொண்டால் போதும். ஏணியின் காலுக்கும் சுவருக்கும் இடையிலான தரை, முக்கோணத்தின் அடிப்பக்கம். ஏணி தொடும் உயரம் இரண்டாவது பக்கம். ஏணியின் நீளம் கர்ணம். அடிப்பக்கத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கர்ணம் வந்துவிடும் என்பது பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம். இங்கே அடிப்பக்கம் தரைத்தூரம், கர்ணம் சாய்தூரம்:

சாய்தூரம்² = தரைத்தூரம்² + உயரம்²

கணக்குப் போடுவதற்கு முன் அலகுகளை ஒன்றாக்க வேண்டும். விமான உலகில் உயரத்தை அடியிலும் தூரத்தைக் கடல் மைலிலும் சொல்வது வழக்கம் என்பதால் பலர் சறுக்கும் இடம் இது. நம் விமானத்தின் உயரம் 36,000 ÷ 6,076 = 5.925 கடல் மைல். அதன் வர்க்கம் 35.1. இந்த 35.1 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் மீதிப் பயணம் முழுவதையும் கணக்கிட்டுவிடலாம்.

விமானம் நிலையத்தை நோக்கி 450 நாட் வேகத்தில், உயரம் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஆகவே இந்த விமானம் நிமிடத்துக்கு 7.5 கடல் மைல் கடக்கிறது. தரையில் 36 கடல் மைல் இருக்கும்போது, 36 இன் வர்க்கம் 1,296. அதோடு 35.1 ஐக் கூட்டினால் 1,331.1. அதன் வர்க்கமூலம் 36.5. நிலையத்திலிருந்து பதில் வந்து சேர மொத்தம் 501 மைக்ரோ விநாடி, அதாவது விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஆகியிருக்கும். தரைத்தூரம் 36, கருவி காட்டுவது 36.5. அரை மைல்தான் வித்தியாசம், யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

12 கடல் மைலுக்கு வரும்போது கருவி 13.4 என்கிறது. வித்தியாசம் ஒன்றரை மைலை நெருங்குகிறது. 6 கடல் மைலில் 8.4. இப்போது இரண்டரை மைல் தவறு. 3 கடல் மைலில் 6.6. ஒரு கடல் மைலில் 6.0. நேர் மேலே 5.9.

அந்தக் கடைசிப் பகுதியை நின்று பார்க்க வேண்டும். ஆறு மைலிலிருந்து நேர் மேலே வர விமானத்துக்கு 48 விநாடி. அந்த நேரத்தில் ஆறு மைல் கடந்திருக்கிறது, கருவியோ 8.4 இலிருந்து 5.9 வரை இரண்டரை மைல் மட்டும் இறங்கியிருக்கிறது. கடைசி ஒரு மைலைக் கடக்க எட்டு விநாடி. அதற்குள் எண் நகர்வது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலையத்தைத் தாண்டிய பிறகும் அடுத்த எட்டு விநாடிக்கு அப்படியேதான். பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். இறங்கி வந்த எண் தயங்கி, நின்று, ஏற ஆரம்பித்தால் நிலையத்தைக் கடந்துவிட்டோம் என்று பொருள். பூஜ்யத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் அது எப்போதும் வராது.

தூரத்தில் இருக்கும்போது வித்தியாசம் எவ்வளவு என்பதை மனக்கணக்காகவே அறியலாம். உயரத்தின் வர்க்கத்தைத் தரைத்தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் போதும். 36 மைலில் 35.1 ÷ 72 = 0.49. வர்க்கமூலம் எடுத்து வந்த விடையும் அதுவேதான். விமானம் கிட்டே வரவர இந்தக் குறுக்குவழி பிழைக்கத் தொடங்கும். ஆனால் தரைத்தூரம் உயரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும்வரை நம்பலாம். இந்தக் கணக்கு இன்னொன்றையும் எடுத்துக்காட்டுகிறது: உயரம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் நான்கு மடங்காகும், தூரம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் பாதியாகும். சாய்தூரப் பிழையை உண்டாக்குவதில் உயரத்துக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது.

விமானிகளிடையே வழங்கும் கைக்கணக்கும் இதிலிருந்து பிறந்ததுதான். ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் குறைந்தது ஒரு கடல் மைல் தள்ளி இருந்தால், சாய்தூரத்தையே தரைத்தூரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி இருக்கும்போது வித்தியாசம் நூற்றில் ஒன்றரைப் பங்கைத் தாண்டாது. நம் 36,000 அடி விமானம் 36 மைலில் இருந்தபோது நிலைமை இதுவே.

தரையிறங்கும் விமானத்துக்கு இன்னும் நிம்மதி. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதைக்கு ஐந்து கடல் மைல் முன்னால் சுமார் 1,600 அடி உயரத்தில் இருக்கும். சாய்தூரத்துக்கும் தரைத்தூரத்துக்கும் இடையே அங்கே இருப்பது 13 மீட்டர். விமானத்தின் நீளத்தைவிடக் குறைவு. அதனால்தான் இறங்கும் வழிமுறைகளை எழுதுபவர்கள் “இத்தனை மைல் காட்டும்போது இந்த உயரம்” என்று எந்தத் திருத்தமும் இல்லாமல் குறித்துவிடுகிறார்கள்.

கர்ணம் காண வர்க்கமூலமே வேண்டாம் என்று சொல்லும் ஒரு பழைய விதி தமிழில் உண்டு. போதையனார் பெயரில் வழங்கும் அந்தப் பாட்டைப் பலரும் பெருமையோடு பகிர்வார்கள். நீளமான பக்கத்திலிருந்து எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குட்டையான பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் என்பது அதன் சாரம். மூன்றும் நான்கும் பக்கங்களாக உள்ள முக்கோணத்தில் சரியாக ஐந்து வருகிறது. ஐந்தும் பன்னிரண்டும் இருந்தால் சரியாகப் பதின்மூன்று. கட்டட வேலையில் கைக்கு உதவும் விதி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நம் விமானத்துக்கு வைத்துப் பார்ப்போம். 36 இல் எட்டில் ஒன்றைக் கழித்தால் 31.5. உயரத்தில் பாதி ஏறக்குறைய 3. கூட்டினால் 34.5. கர்ணம் அடிப்பக்கமான 36 ஐவிடச் சிறிதாகிவிட்டது. அப்படி ஒரு முக்கோணம் இருக்கவே முடியாது. அந்த விதி சில வடிவங்களுக்குப் பொருத்தமான தோராயம், எல்லா முக்கோணங்களுக்குமான தேற்றம் அல்ல. விமானக் கணக்கில் வருவதுபோல ஒரு பக்கம் மிக நீண்டு மற்றது குட்டையாக இருக்கும் முக்கோணங்களில் அது கைவிட்டுவிடும்.

டி.எம்.இ. தூரத்தோடு வேகத்தையும் காட்டும். தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை வைத்துக் கணக்கிட்ட வேகம் அது. குறைவது சாய்தூரம் என்பதால் இந்த வேகமும் சாய்ந்துபோகிறது. உண்மை வேகத்தைத் தரைத்தூரத்தால் பெருக்கிச் சாய்தூரத்தால் வகுத்தால், கருவி காட்டும் வேகம் கிடைக்கும். 36 மைலில் 450 நாட் என்பது 444 ஆகத் தெரியும். 6 மைலில் 320. நேர் மேலே பூஜ்யம். விமானம் கொஞ்சமும் வேகம் குறையாமல் பறக்கிறது, கருவியோ அது நின்றுவிட்டதாகச் சொல்கிறது. நிலையத்தை நோக்கியோ அதைவிட்டு விலகியோ நேராகப் போகாமல், பக்கவாட்டில் கடந்துபோகும் விமானத்துக்கும் இதேபோலத்தான் வேகம் குறைத்துக் காட்டப்படும். ஆகவே இந்த வேகத்தை நம்ப வேண்டுமானால், நிலையத்தை நோக்கியோ அதிலிருந்து விலகியோ நேராகப் பறக்க வேண்டும், தூரத்திலும் இருக்க வேண்டும்.

சரி, கருவி சாய்தூரம் தருகிறது, உயரமும் தெரியும், பின்னோக்கிக் கணக்கிட்டுத் தரைத்தூரத்தை எடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். சாய்தூரத்தின் வர்க்கத்திலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விமானத்தின் கணினி இதைத்தான் செய்கிறது. தொலைவில் இருக்கும்போது குறையே இல்லை. கிட்டே வந்தால் கணக்கு உடைந்துவிடும்.

டி.எம்.இ. அளவில் 0.2 கடல் மைல் வரை பிழை இருக்கலாம் என்று சர்வதேச விதிமுறை இடம் கொடுக்கிறது. விமானம் தரையில் ஒரு மைல் தொலைவில் இருக்கிறது என்போம். உண்மைச் சாய்தூரம் 6.01. கருவி 0.2 கூட்டி 6.21 என்று காட்டினால், பின்னோக்கிப் போட்ட கணக்கில் தரைத்தூரம் 1.86 என்று வருகிறது. பத்தில் இரண்டு மைல் பிழை ஒன்றுக்கு நெருக்கமாக ஊதிவிட்டது. கருவி 0.2 குறைத்து 5.81 காட்டினால் நிலைமை இன்னும் மோசம். 5.81 இன் வர்க்கம் 33.8. அதிலிருந்து 35.1 ஐக் கழித்தால் எதிர்ம எண் வருகிறது, அதற்கு வர்க்கமூலம் இல்லை. சாய்தூரம் உயரத்தைவிடக் குறைவு என்று கருவி சொன்னால், இரண்டில் ஏதோ ஒரு அளவு பிழை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இதுவே 36 மைல் தொலைவில் என்றால், 0.2 பிழை தரைத்தூரத்திலும் 0.2 ஆகவே தங்கிவிடும். காரணம் எளிது: தொலைவில் சாய்கோடு கிட்டத்தட்டத் தரையோடு படுத்திருக்கிறது, தரைத்தூரம் மாறினால் அது முழுவதும் சாய்கோட்டில் தெரியும். நேர் மேலே சாய்கோடு நிமிர்ந்து நிற்கிறது, தரைத்தூரம் மாறுவதை அது உணர்வதே இல்லை. அதனால் டி.எம்.இ. நிலையங்களை வைத்து இடத்தைக் கணிக்கும் விமானக் கணினிகள் காலடியில் இருக்கும் நிலையத்தை ஒதுக்கிவிட்டு, தள்ளி இருக்கும் நிலையங்களைத் தேர்ந்தெடுக்கின்றன.

செயற்கைக்கோளை வைத்து இடமறியும் ஜி.பி.எஸ். கருவி அதே விமானத்தில் இருக்கும். அது தூரத்தைக் காட்டும்போது பூமியின் மேல் அளந்த தரைத்தூரத்தையே காட்டுகிறது. எனவே 36,000 அடியில் ஒரு கருவி 6.0 என்றும் இன்னொன்று 8.4 என்றும் ஒரே நிலையத்தைப் பற்றிச் சொல்லும். இரண்டும் சரி. எந்தக் கோட்டை அளக்கிறது என்று தெரிந்தவருக்குக் குழப்பம் இல்லை.

முக்கோணத்தில் போடும் உயரம் எந்த உயரம் என்பதையும் கவனிக்க வேண்டும். விமானியின் உயரமானி கடல்மட்டத்தை அடிப்படையாக வைத்துச் சொல்கிறது, முக்கோணத்துக்கு வேண்டியதோ நிலையத்துக்கு மேலே உள்ள உயரம். சென்னை கடற்கரை ஊர், அங்கே இந்த வேறுபாடு தெரியாது. பெங்களூரின் கெம்பகௌடா விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதே 36,000 அடியில் அதன் மேலே பறந்தால், நிலையத்துக்கு மேலே உள்ள உயரம் 33,000 அடி. கருவி 5.9 அல்ல, 5.4 காட்டும்.

அதோடு, உயரமானி உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. உயரத்தில் பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அழுத்தத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன. விமானங்கள் ஒன்றுக்கொன்று மோதாமல் இருக்க அது போதும், ஆனால் உண்மை உயரம் அதிலிருந்து விலகும். காற்று சூடாக இருந்தால் விரிந்து நிற்கும், அழுத்தம் மெதுவாகக் குறையும். பொது அளவைவிட 10 பாகை செல்சியஸ் சூடான காற்றில் விமானம், காட்டுவதைவிட நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதல் உயரத்தில் இருக்கும். 36,000 அடிக்கு அது 1,400 அடிக்கும் மேல். நேர் மேலே இருக்கும்போது சாய்தூரத்தில் இந்த வேறுபாடு முழுவதும், கால் மைலளவு, தெரியும். 36 மைல் தொலைவிலோ அது ஒரு மைலில் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நேர் மேலே உயரப் பிழை கனக்கிறது, தொலைவில் மெலிகிறது.

இதுவரை பூமியைத் தட்டையாக வைத்துக்கொண்டோம். தொலைவு கூடக்கூட அந்தச் சலுகை செல்லாது. 100 கடல் மைல் தொலைவில் நம் தட்டை முக்கோணம், சாய்தூரம் தரைத்தூரத்தைவிட 0.18 மைல் அதிகம் என்கிறது. பூமியின் வளைவையும் சேர்த்தால் வருவது 0.26. தரைத்தூரம் பூமியின் பரப்பில் அளந்தது, விமானம் அதற்கு 11 கிலோமீட்டர் மேலே, சற்றுப் பெரிய வட்டத்தில் பறக்கிறது. தரையில் ஒரு மைலுக்கு மேலே கொஞ்சம் கூடுதலான மைல். அந்தக் கூடுதல் தொலைவோடு வளர்கிறது. ஆகவே முக்கோணத்தால் வரும் வித்தியாசம் தேய்ந்துகொண்டே போக, வளைவால் வரும் வித்தியாசம் ஏறிக்கொண்டே வருகிறது. 36,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு, எவ்வளவு தூரம் போனாலும் சாய்தூரமும் தரைத்தூரமும் ஒன்றாவதில்லை. கால் கடல் மைலளவு வித்தியாசம் கடைசிவரை நிற்கும். அந்தக் கடைசி என்பது சுமார் 230 கடல் மைல். அதற்கு அப்பால் நிலையம் பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும், அழைப்புக்குப் பதில் வராது.